எதிர் மலையும் வானமும் ஏன் ஒரே நீலம்?

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில், மேகம் ஏறி வராத ஒரு காலை நேரமாகப் பார்த்து நின்றால், தெற்கே மலை சட்டென்று இறங்கிப் பெரியகுளம் பக்கத்துச் சமவெளியில் போய் முடிவது தெரியும். கொஞ்சம் தள்ளி வைகை அணையின் நீர் பளபளக்கும். அதற்கும் அப்பால் ஆண்டிபட்டிப் பக்கத்து மலைகள். காலடியில் இருக்கும் சரிவு நல்ல பச்சை. சற்றுத் தள்ளியிருக்கும் முகடு கரும்பச்சையில் நீலம் கலந்தது போல இருக்கும். கடைசியாகத் தெரியும் மலைத்தொடர் முழுக்க வெளிர் நீலம், வானத்தோடு ஒட்டிக்கொண்ட மாதிரி.

அந்தக் கடைசி மலையிலும் இருப்பது மரமும் பாறையும் காய்ந்த புல்லும்தான். நீலமான எதுவும் அங்கே இல்லை. வண்டி பிடித்துக் கிட்டே போனால் அதுவும் பச்சையாகவும் பழுப்பாகவும்தான் இருக்கும். அப்படியானால் இங்கிருந்து பார்க்கும்போது தெரிகிற நீலம் எங்கே இருக்கிறது? மலைக்கும் நமக்கும் நடுவில் உள்ள காற்றில் இருக்கிறது. வானம் ஏன் நீலம் என்ற கேள்விக்கும் பதில் இதுவேதான். மலைப்பகுதியில் இருப்பவர்கள் இதற்காக அண்ணாந்து பார்க்கக்கூட வேண்டாம், நேரே பார்த்தாலே போதும்.

காற்றுக்கு நிறம் கிடையாது என்றுதான் படித்திருக்கிறோம். ஒரு அறை அளவு காற்றை எடுத்துக்கொண்டால் அது சரி. ஆனால் காற்றில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் தன் மேல் படும் வெளிச்சத்தில் மிக மிகச் சிறு பங்கை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பி அனுப்புகின்றன. ஒளி என்பது மின்காந்த அலை. அது கடந்து போகும்போது மூலக்கூறில் உள்ள எலக்ட்ரான்களை ஆட்டிவிடுகிறது. ஆடும் எலக்ட்ரான் தானும் அதே நிற ஒளியை வெளியே விடுகிறது. வந்த ஒளி ஒரே திசையில் வந்தது, வெளியே போகும் ஒளி நாலாபக்கமும் போகிறது. இதைத்தான் சிதறல் என்கிறோம்.

எல்லா நிறமும் ஒரே அளவில் சிதறினால் வானம் வெள்ளையாகத்தான் இருக்கும். அப்படிச் சிதறுவதில்லை. நீல ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 450 நானோமீட்டர், சிவப்பின் அலைநீளம் ஏறத்தாழ 650. ஒரு காற்று மூலக்கூறு இவற்றைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. இவ்வளவு சின்னப் பொருள் மேல் ஒளி படும்போது, அலைநீளம் குறையக் குறையச் சிதறல் வேகமாகக் கூடுகிறது. எவ்வளவு வேகமாக என்றால், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக. கணக்கைப் போட்டே பார்க்கலாம். 650-ஐ 450-ஆல் வகுத்தால் சுமார் 1.44 வரும். அதை அதாலேயே பெருக்கினால் கிட்டத்தட்ட 2.1. இன்னொரு முறை அந்த விடையை அதாலேயே பெருக்கினால் 4.3-க்கு மேல். அதாவது சிவப்பு ஒரு பங்கு சிதறினால் நீலம் நான்கு பங்குக்கும் மேல் சிதறுகிறது. இந்த நான்காம் அடுக்கு விதியை 1871-இல் கண்டு சொன்னவர் பின்னாளில் ரேலி பிரபு என்று அறியப்பட்ட ஜான் ஸ்ட்ரட். அதனால் இதற்கு ரேலி சிதறல் என்று பெயர்.

அப்போது அவர் இந்தச் சிதறலைச் செய்வது காற்றில் மிதக்கும் நுண்துகள்களாக இருக்கும் என்றே நினைத்தார். துகள் எதுவும் வேண்டியதில்லை, காற்று மூலக்கூறுகளே போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது 1899-இல். அந்தக் கட்டுரையில் நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி இருக்கிறது. டார்ஜிலிங் பக்கத்திலிருந்து பார்த்தால் சுமார் 100 மைல் தொலைவில் உள்ள எவரெஸ்ட் ஓரளவு வெளிச்சமாகவே தெரிகிறது என்பதை எடுத்துக்கொண்டு, இவ்வளவு நீளமான காற்றைக் கடந்தும் ஒளி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து, தன் கணக்கைச் சரிபார்த்தார். தூரத்து மலையைப் பார்த்தே காற்றை எடைபோடலாம் என்பது அவரும் கையாண்ட வழிதான்.

எட்டு கிலோமீட்டர் என்ற அளவுகோல்

நாமும் அதையே செய்வோம். நம் தலைக்கு மேலே காற்று பல நூறு கிலோமீட்டர் வரை இருக்கிறது என்றாலும் மேலே போகப் போக அது மெலிந்துவிடுகிறது. தலைக்கு மேல் உள்ள மொத்தக் காற்றையும், நாம் நிற்கும் இடத்துக் காற்றின் அடர்த்திக்கு அழுத்திவிட்டால் அது எவ்வளவு உயரம் வரும்? ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர்தான். இதில் அழகு என்னவென்றால், சென்னையில் நின்று கேட்டாலும் கொடைக்கானலில் நின்று கேட்டாலும் விடை பெரிதாக மாறாது. மலை மேல் தலைக்கு மேலே உள்ள காற்று குறைவு, ஆனால் சுற்றியுள்ள காற்றும் அதே விகிதத்தில் மெலிந்திருக்கிறது.

இந்த எட்டு கிலோமீட்டரை ஒரு அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். இனி எந்தத் திசையில் பார்த்தாலும் எத்தனை அடுக்குக் காற்றின் வழியே பார்க்கிறோம் என்று எண்ணினால் போதும். நேர் மேலே பார்த்தால் ஒரு அடுக்கு. எட்டு கிலோமீட்டர் தொலைவில் நம் உயரத்திலேயே உள்ள முகட்டைப் பார்த்தாலும் ஒரு அடுக்கு. அதாவது அந்த முகட்டுக்கும் நமக்கும் நடுவே, தலைக்கு மேல் உள்ள வானம் முழுவதிலும் இருக்கும் அளவு காற்று இருக்கிறது. அது நீலம் பூசியது போலத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

சோலைக்காடு மூடிய மலை இதற்கு மிகவும் தோதானது, ஏனென்றால் அது கறுத்திருக்கிறது. வானத்துக்குப் பின்னால் இருப்பது விண்வெளியின் கறுப்பு. மலைக்காற்றுக்குப் பின்னால் இருப்பது காட்டின் கறுப்பு. கறுப்புப் பின்னணியில்தான் காற்று சிதறும் மெல்லிய நீலம் கண்ணுக்குப் படும். அதே தூரத்தில் வெயில் பட்டு வெளுத்த மேகம் ஒன்று இருந்தால் அது நீலமாகத் தெரியாது. அந்த மேகத்திலிருந்து வரும் பலமான வெள்ளை ஒளி காற்றின் நீலத்தை அமுக்கிவிடும். சில சமயம் மிகத் தொலைவில் உள்ள வெண்மேகத்தின் அடிப்பகுதி இளமஞ்சளாகக்கூடத் தெரியும், வரும் வழியிலேயே அதன் நீலப் பங்கு சிதறிப்போனதால்.

எண்களையும் ஒரு முறை பார்த்துவிடலாம். கடல் மட்டத்தில், தூசியே இல்லாத காற்றில், ஒரு அடுக்கைக் கடக்கும் நீல ஒளியில் நூற்றுக்குச் சுமார் 20 பங்கு சிதறிவிடும். சிவப்பில் நூற்றுக்கு 5 பங்குதான். கொடைக்கானல் உயரத்தில் காற்று கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால் இந்த இரண்டும் இன்னும் கொஞ்சம் குறையும். இப்போது ஆண்டிபட்டி மலைகளுக்கு வருவோம். அவை கோக்கர்ஸ் வாக்கிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர், அதாவது நான்கு அடுக்குக்கு மேல். அங்கிருந்து கிளம்பும் நீல ஒளியில் பாதிக்கும் குறைவுதான் நம்மிடம் நேராக வந்து சேருகிறது. சிவப்பில் நூற்றுக்கு 80-க்கு மேல் வந்துவிடும். அப்படியென்றால் மலை சிவப்பாகத் தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். மலையிலிருந்து வரும் ஒளியே மிகக் குறைவு. அதைவிடப் பல மடங்கு அதிகமாக நடுவிலுள்ள காற்று தானே சூரிய ஒளியைச் சிதறி நம் கண்ணுக்கு அனுப்புகிறது, அது நீலம். நாம் பார்ப்பது மலையை அல்ல, மலை வடிவில் வெட்டிய காற்றுத் துண்டை என்றே சொல்லிவிடலாம்.

அடிவானம் ஏன் வெளுத்திருக்கிறது?

அடுக்கு கூடக் கூட நீலம் கூடிக்கொண்டே போகும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் பழனி மலைத்தொடரின் எந்த முகட்டில் நின்று பார்த்தாலும் உச்சி வானம்தான் ஆழ்ந்த நீலம், கீழே வர வர வெளுத்து, அடிவானத்தில் கிட்டத்தட்ட வெள்ளை.

அடிவானத்தை நோக்கிப் பார்க்கும்போது பார்வை சுமார் 38 அடுக்குக் காற்றைக் கடக்கிறது. இதில் வெகு தூரத்தில் சிதறிய நீலம் நம்மிடம் வருவதற்குள் மறுபடியும் மறுபடியும் சிதறி வழிமாறிப் போகிறது. சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிதறுகின்றன, ஆனால் அவை வழியில் தொலைவதும் குறைவு, அதனால் அந்த நீண்ட பாதை முழுவதிலிருந்தும் சேர்ந்து வருகின்றன. கடைசியில் எல்லா நிறமும் கிட்டத்தட்டச் சம அளவில் வந்துவிடுகின்றன. எல்லாம் சமமாக வந்தால் வெள்ளை. ஆண்டிபட்டி மலைகள் பக்கத்து முகட்டைவிட வெளிறிய நீலமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் காற்று கொஞ்சமாக இருக்க வேண்டும். இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும், ஆனால் மலை ஏறியவர்கள் கண்ணால் பார்த்த விஷயம்தான் இது. வத்தலக்குண்டிலிருந்து பஸ் மேலே ஏற ஏற வானத்தின் நீலம் கறுத்துக்கொண்டே வரும்.

சூரியன் மறையும்போது அதன் ஒளியும் அதே 38 அடுக்கைத்தான் கடந்து வருகிறது. சுத்தமான காற்றிலேயே அதன் நீலத்தில் பத்தாயிரத்துக்கு இரண்டு பங்குதான் மிஞ்சும். சிவப்பில் நூற்றுக்கு 15 பங்கு மிஞ்சும். அந்திச் சூரியன் சிவந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பனிமூட்டமும் டீக்கடைப் புகையும்

இதுவரை சொன்னது எல்லாம் மூலக்கூறு அளவுள்ள பொருளுக்கு. அளவு மாறினால் கதையும் மாறிவிடும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து எல்லாவற்றையும் மூடும் மூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள நீர்த்துளி ஒவ்வொன்றும் 10,000 நானோமீட்டர் அளவில் இருக்கும், ஒளி அலையைவிட இருபது மடங்கு பெரியது. இவ்வளவு பெரிய துளி நிறம் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் ஒன்றுபோலவே சிதறும். அதனால் மூட்டம் வெள்ளை, மேகமும் வெள்ளை.

இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவைப் பார்க்க விறகடுப்பு உள்ள டீக்கடைக்குப் போகலாம். காய்ந்த விறகு நன்றாக எரியும்போது எழும் மெல்லிய புகைக்குப் பின்னால் இருண்ட காடு இருந்தால், புகை நீலமாகத் தெரியும். அதே புகை கொஞ்சம் மேலே போய், வெளிச்சமான வானம் பின்னணியாக வந்ததும் மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும். புகையின் துகள்கள் ஒளி அலையைவிடச் சிறியவையாக இருப்பதால் அவையும் நீலத்தைத்தான் கூடுதலாகச் சிதறுகின்றன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சிதறிய நீலம் தெரிகிறது, ஊடுருவிப் பார்த்தால் நீலம் போன மீதி தெரிகிறது. உச்சி வானமும் அந்திச் சூரியனும் இங்கே ஒரு முழ உயரத்துக்குள் வந்துவிட்டன. ஈர விறகைப் போட்டால் இந்தக் காட்சி கெட்டுவிடும். நீராவி கலந்து பெரிய துளிகள் உருவாகிப் புகை வெள்ளையாகிவிடும்.

வானம் மூலக்கூறுகளால் நீலமாக இருக்கிறதா, தூசியால் வெளுத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க சூரியனை ஆராய்பவர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். கட்டிடத்தின் விளிம்பு சூரியனின் வட்டத்தைச் சரியாக மறைக்கும்படி நிழலில் நின்றுகொண்டு, விளிம்பை ஒட்டிய வானத்தை மட்டும் பார்ப்பது. சூரியன் துளிகூட வெளியே தெரியக் கூடாது, அதை நேரே பார்த்தால் கண் போய்விடும். விளிம்பு வரை நீலமாகவே இருந்தால் காற்று சுத்தம். சூரியனைச் சுற்றி அகலமாக வெள்ளை ஒளி பரவியிருந்தால் தூசி. மூலக்கூறு ஒளியை முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறும். தூசியும் துளியும் பெரும்பாலும் ஒளி போகிற திசையிலேயே முன்னோக்கிச் சிதறும், அதனால்தான் அந்த வெள்ளை சூரியனைச் சுற்றியே தெரிகிறது.

கொடைக்கானல் அப்சர்வேட்டரி 1899-இல் இங்கே வந்ததற்கும் இதில் தொடர்பு உண்டு. இடம் தேடிய வானியலாளர் மிச்சி ஸ்மித் கோத்தகிரியையும் கொடைக்கானலையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், சமவெளித் தூசியில் பெரும் பகுதி கீழேயே நின்றுவிடுகிறது. அங்கேயும் காலைதான் நல்ல நேரம். வெயில் ஏறியதும் சூடான காற்று பள்ளத்தாக்குத் தூசியையும் ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும்.

ஊதா எங்கே போயிற்று?

கவனமாகப் படித்தவர்கள் இந்நேரம் கேட்டிருப்பார்கள். அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கூடும் என்றால், நீலத்தைவிடக் குறைந்த அலைநீளம் கொண்ட ஊதாதானே இன்னும் அதிகமாகச் சிதற வேண்டும்? ஆமாம், சிதறத்தான் செய்கிறது. 400 நானோமீட்டர் ஊதா, 450 நானோமீட்டர் நீலத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சிதறுகிறது. ஆனால் சூரியனிலிருந்து வருவதில் ஊதா நீலத்தைவிடக் குறைவு. அது ஒரு பகுதி விடைதான், பெரும் பகுதி நம் கண்ணில் இருக்கிறது.

கண்ணில் நிறம் காட்டும் செல்கள் மூன்று வகை. ஒன்று நீலப் பக்கத்துக்கு, ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புப் பக்கத்துக்கு. 400 நானோமீட்டருக்கு அருகில் இந்த மூன்றுமே மந்தம். அது மட்டுமில்லை, வானத்திலிருந்து வருவது ஊதாவும் நீலமும் மட்டுமல்ல. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாமே குறைந்த அளவில் கலந்து வருகின்றன. ஊதா ஒளி தனியாக வந்தால் நீலச் செல்லோடு சிவப்புச் செல்லையும் கொஞ்சம் தட்டிவிடும், அதனால்தான் ஊதாவில் ஒரு செம்மை தெரிகிறது. வான ஒளியில் கூடவே வரும் பச்சை, பச்சைச் செல்லையும் தட்டி அந்தச் செம்மையை ஈடுகட்டிவிடுகிறது. மிஞ்சுவது நீலச் செல்லின் பலமான சைகையும் மற்ற இரண்டின் சமமான சைகையும். மூளைக்கு இது நீலத்தில் வெள்ளை கலந்தது போலத்தான். புறஊதாவைப் பார்க்கும் தேனீக்கு இதே வானம் வேறு நிறமாகத்தான் இருக்க வேண்டும்.

கடல் பிரதிபலிப்பா?

கடலின் நிறம்தான் வானத்தில் தெரிகிறது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் மலைக்கு மேலே வானம் கடற்கரையைவிட ஆழ்ந்த நீலமாக இருப்பதே இதற்குப் பதில். இதன் மறுபக்கம்தான் சுவாரசியம். வானத்தின் பிரதிபலிப்பால்தான் கடல் நீலம் என்று ரேலியே சொல்லியிருந்தார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் கையில் இருந்தது நிக்கோல் பட்டகம் என்ற ஒரு சின்னக் கருவி. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி, சரியான கோணத்தில் பார்த்தால், ஒரே தளத்தில் மட்டும் அதிரும். பட்டகத்தைத் திருப்பி அந்த ஒளியை அப்படியே தடுத்துவிடலாம். தடுத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, இன்னும் அழுத்தமான நீலமாக. ஆக, நீர் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறுகின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். (நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் கடல் நீலத்துக்குப் பெரிய காரணம் என்பது இன்று தெரியும்.)

அதே சோதனையை வானத்தின் மேல் நாமும் செய்யலாம், போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்று இருந்தால் போதும். சூரியன் நம் தோளுக்கு நேராக இருக்கும்படி நின்று, அதற்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தைக் கண்ணாடி வழியே பார்த்தபடி கண்ணாடியை மெல்லச் சுழற்ற வேண்டும். ஒரு நிலையில் நீலம் நன்றாகக் கறுக்கும், கால் வட்டம் திருப்பினால் வெளுக்கும். மூலக்கூறு சிதறிய ஒளி அந்தத் திசையில் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிருவதுதான் காரணம். பக்கத்தில் ஒரு வெண்மேகம் இருந்தால் அது கண்ணாடியைச் சுழற்றினாலும் அவ்வளவாக மாறாது. தூசி நிறைந்த நாளில் வானமும் இந்த அளவுக்குக் கறுக்காது.

கடைசியாக, சூரியன் மறைந்த பிறகு வரும் நீலம். இதை மட்டும் ரேலி சிதறல் தனியாக விளக்க முடியாது. அந்த நேரத்தில் உச்சி வானத்துக் காற்றை அடையும் ஒளி ஏற்கனவே நீண்ட பாதையைக் கடந்து நீலத்தை இழந்த ஒளி. அது சிதறினால் உச்சி வானம் மங்கிய மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் உச்சி வானம் நல்ல நீலமாக இருக்கிறது. 1953-இல் இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் இதற்குக் காரணம் ஓசோன் என்று காட்டினார். 20, 30 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஓசோன் புறஊதாவை மட்டுமல்ல, ஆரஞ்சு, மஞ்சள் ஒளியையும் சிறிதளவு உறிஞ்சுகிறது. பகலில் ஒளி செங்குத்தாக வருவதால் அந்த உறிஞ்சல் கண்ணில் படாது. அந்தியில் ஒளி ஓசோன் படலத்துக்குள் சாய்வாக நுழைந்து நெடுந்தூரம் பயணம் செய்வதால் மஞ்சளும் ஆரஞ்சும் நிறையவே போய்விட, மிஞ்சுவது நீலம். பகல் வானத்தின் நீலத்தைத் தருவது சிதறல், அந்தி உச்சியின் நீலத்தில் பெரும் பங்கைத் தருவது உறிஞ்சல்.